புதுப்பிப்பு: பணம் பிடித்தும் கட்டாததாகக் காட்டிய சுங்கவரி

என் கேள்வி: "வெளிநாட்டுப் பார்சலுக்கு யூபிஐயில் சுங்கவரி ₹2,140 கட்டினேன். பணம் போயிடுச்சு, கூரியர் பக்கம் 'தோல்வி'ன்னு காட்டுது. திரும்பக் கட்டணுமா?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. பார்சல் நேற்று கைக்கு வந்தது, இரண்டாம் முறை கட்டவில்லை.

ஐந்து நாளில் பணம் தானாகத் திரும்பும் என்றார் ஒரு நண்பர். அந்த விதி உண்மைதான். ஆனால் அது பணம் கட்டியாச்சு என்ற உறுதித் தகவல் வணிகருக்குப் போய்ச் சேராத பரிமாற்றத்துக்கு. வங்கிச் செயலியில் முதலில் நிலையைப் பாருங்கள் என்று ஒரு அக்கா சொன்னதுதான் வழிகாட்டியது. திறந்தால் பச்சை டிக், 'வெற்றி', கீழே அந்தப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் 12 இலக்க யூடிஆர் எண். பணம் கூரியருக்குப் போய்விட்டது, பார்சல் எண்ணோடு சேரவில்லை, அவ்வளவுதான். அந்தத் திரையின் படம், யூடிஆர், பார்சலின் ஏர்வே பில் எண் மூன்றையும் கூரியரின் சுங்கவரிப் பிரிவுக்கு மெயில் அனுப்பினேன். இரண்டு வேலைநாளில் வரவு வைத்தார்கள். வாடிக்கையாளர் எண்ணில் பேசியது வீண்.

மோசடி எஸ்எம்எஸ்ஸா என்று கேட்டவருக்கு: இல்லை, கூரியரின் தளத்திலேயே பார்சல் எண்ணைப் போட்டுத்தான் கட்டினேன்.

எதிர்பாராதது: பார்சல் வந்த பிறகும் கூரியரின் தளம் 'நிலுவை' என்றே காட்டுகிறது. தாமத நாட்களுக்குக் கிடங்கு வாடகை ₹350 கேட்கிறார்கள். மறுத்து எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.