வாடகைத் தாயாக இருந்தவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள்: உங்கள் அனுபவம்?

மாலதி (சென்னை)

எங்கள் வீட்டில் சமையல் செய்கிற அக்கா போன வாரம் பேச்சுவாக்கில் சொன்னார்: 2013இல் வேறொரு தம்பதிக்குக் குழந்தை சுமந்து கொடுத்திருக்கிறார். நான் "பாவம்" என்று இழுத்ததும் சட்டென்று கோபம் வந்துவிட்டது அவருக்கு. "என்ன பாவம்? நான் கேட்டுத்தான் போனேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா உள்ளே போன பிறகு என்னை யாரும் எதையும் கேட்கல" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் மண்டைக்குள்ளேயே நிற்கிறது. நேரடி அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். கேள்விப்பட்ட கதைகள் வேண்டாம்.

வடசென்னைச் செல்வி

நான் 2012இல் போனேன். அப்போது சட்டம் என்று எதுவும் இல்லை, மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் போட்ட வழிகாட்டு நெறிகள்தான். கார்மெண்ட்ஸில் எனக்கு மாசம் 5,500 ரூபாய் சம்பளம். வட்டிக்கு வாங்கிய கடன் தலைக்கு மேல். எங்கள் தெருவில் ஏற்கெனவே போய்வந்த ஒரு அக்காதான் கூட்டிப்போனார். அவருக்கு அதில் கமிஷன் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

3 லட்சம் என்று பேச்சு. பத்திரம் இங்கிலீஷில் இருந்தது. ஒரு மேடம் தமிழில் சொன்னார், பத்து நிமிஷம். கையெழுத்துப் போட்டேன், வீட்டுக்காரரும் போட்டார். இதுவரைக்கும் என் முடிவுதான், யாரும் பிடித்துத் தள்ளவில்லை.

அப்புறம் கர்ப்பப்பை தடிக்க மாத்திரை. கரு வைத்த பிறகு இடுப்பில் தினம் எண்ணெய் ஊசி, மூன்றாம் மாசம் வரைக்கும். ஊசி போட்ட இடமெல்லாம் கட்டி கட்டியாக நிற்கும், மல்லாந்து படுக்க முடியாது. மூன்று கரு வைத்தார்கள், மூன்றும் நின்றுவிட்டது. பன்னிரண்டாவது வாரம் ஸ்கேனுக்குக் கூப்பிட்டு, வயிற்றில் ஊசி விட்டு ஒன்றைக் குறைத்தார்கள். மேஜையில் படுத்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். தம்பதிக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறார்கள். வயிறு என்னுடையது, என்னைக் கேட்கவில்லை.

முப்பத்தைந்தாவது வாரம் ஆபரேஷன். என் இரண்டு பிள்ளைகளும் சுகப்பிரசவம். இதுவும் அப்படியே ஆகட்டும் என்று கேட்டேன், இரட்டைப் பிள்ளை, ரிஸ்க் என்றார்கள். இருக்கலாம். பணம் முழுசாக வந்தது, கடனை அடைத்து மிச்சத்தில் ஒரு வீடு லீஸுக்குப் பிடித்தோம். அதனால் என்னை ஏமாந்தவள் என்று யாரும் எழுதாதீர்கள். திரும்பப் போவாயா என்றால், போவேன். ஆனால் எத்தனை கரு என்பதை நான்தான் சொல்வேன்.

சுந்தர்

வருத்தமாக இருக்கிறது சகோதரி. நல்லவேளை, 2021 சட்டத்தோடு இதெல்லாம் முடிந்தது. இப்போது நெருங்கிய சொந்தக்காரப் பெண் மட்டும்தான் சுமக்க முடியும், காசு கைமாறவே கூடாது. சுரண்டலுக்கு வழியே இல்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ், கோவை

சுந்தர் தம்பி, பாதி சரி. நெருங்கிய சொந்தம் என்பது முந்தைய மசோதாக்களில் இருந்தது. வந்த சட்டத்தில் சம்மதிக்கிற எந்தப் பெண்ணும் வரலாம். வயது 25 முதல் 35, திருமணம் ஆகி, சொந்தக் குழந்தை இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவை. மருத்துவச் செலவு போன்றவையும் 36 மாசக் காப்பீடும் உண்டு, கூலி கிடையாது. சரி, சொந்தமே இல்லாத ஒரு பெண் சும்மா ஏன் பத்து மாசம் சுமக்க வேண்டும்? அதனால் நடைமுறையில் சொந்தத்திடம்தான் போய் நிற்கிறார்கள். இல்லையென்றால் பணம் மேஜைக்கு அடியில் கைமாறுகிறது. அப்படி வாங்குகிறவள் பேசிய தொகை வராவிட்டால் எங்கே போய்க் கேட்பாள்?

செல்வி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய ஒப்பந்தங்களில் நான் முதலில் தேடுவது மொத்தத் தொகையை அல்ல, அது எப்போது கைக்கு வரும் என்பதை. நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் பிரசவத்துக்குப் பிறகுதான். ஒரு பெண்ணுக்குப் பதினோராவது வாரம் கலைந்துவிட்டது. அதே மாத்திரை, அதே ஊசி, வேலையை விட்டுவிட்டு மூன்று மாசம் படுக்கை. கொடுத்தது 25,000. உழைப்புக்குக் கூலி என்றால் அவளுக்குக் கால்வாசியாவது சேர வேண்டும். அங்கே விலை குழந்தைக்கு, அவள் வேலைக்கு இல்லை. பணம் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கொடுத்த விதம் தப்பு.

ரேவதி மணி

எனக்கும் இதே அனுபவம்தான். இரண்டு தடவை முட்டை எடுத்தார்கள், வயிறு வீங்கி நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கொடுத்தது 20,000. யாரிடம் புகார் செய்வது?

ஓய்வுபெற்ற நர்ஸ், கோவை

அது கருமுட்டை தானம் அம்மா, வேறு சட்டம். இப்போது வாழ்நாளில் ஒரு தடவைதான் எடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் கூடாது. உங்களுக்கு எந்த வருஷம் நடந்தது? அதைப் பொறுத்துத்தான் எதுவும் சொல்ல முடியும். டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறதா?

பெயர் வேண்டாம்

நான் மறுபக்கம். முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை கிழிந்து அதையே எடுத்துவிட்டார்கள். குழந்தையும் இல்லை. தகுதிச் சான்றிதழுக்கு அலைந்தது தனிக்கதை, அதை விடுங்கள்.

சுமக்க யார் என்ற கேள்வி வந்தபோது மாமியார் என் ஓரகத்தியைப் பார்த்தார். அவளுக்கு 28 வயது, ஒரு பையன். கூடத்தில் எல்லார் முன்னாலும் "சரி அக்கா, நான் செய்கிறேன்" என்றாள். நான் அழுதுவிட்டேன். அவளுக்கு ஒரு நகையாவது போடலாமா என்றதற்கு வக்கீல், பேச்சே எடுக்காதீர்கள் என்றார். மனநலச் சோதனைக்குப் போன இடத்தில் டாக்டர் எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்து எங்களிடம், "இவர் மருத்துவ ரீதியாகத் தகுதி இல்லை" என்று மட்டும் சொன்னார். ஆறு மாசம் கழித்து ஓரகத்தியே என்னிடம் சொன்னாள். உடம்பில் ஒன்றும் இல்லையாம். வேண்டாம் என்று அவள் டாக்டரிடம் அழுதிருக்கிறாள், அவர் அவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்.

காசு வாங்காத பெண்தான் சுதந்திரமாகச் சம்மதிக்கிறாள் என்று சட்டம் நினைக்கிறது. செல்வி பேரம் பேசினார். என் ஓரகத்திக்கு அந்தக் கூடத்தில் 'முடியாது' என்று சொல்லவே இடமில்லை. ஆனாலும் எனக்குக் குழந்தை வேண்டும். இப்போது நான் யாரைக் கேட்பது?

வடசென்னைச் செல்வி

தோழி, அந்த டாக்டர் நல்லா இருக்கட்டும். எங்களுக்கும் தனியாகக் கேட்க அப்படி ஒருத்தர் இருந்திருந்தால்! மாலதி அக்கா, உங்கள் வீட்டு அக்காவிடம் ஒன்று கேளுங்கள்: ஆஸ்பத்திரி காகிதம் ஏதாவது கையில் இருக்கிறதா? எனக்கு ஒன்றும் தரவில்லை. போன வருஷம் கர்ப்பப்பைக் கட்டிக்கு அரசு மருத்துவமனைக்குப் போனேன். தழும்பைப் பார்த்து, முந்தைய ஆபரேஷன் விவரம் எங்கே, ஏதாவது சிக்கல் ஆனதா என்று டாக்டரம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மாலதி (சென்னை)

கேட்டேன் செல்வி. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையாம். எத்தனை கரு வைத்தார்கள் என்றும் அவருக்குத் தெரியவில்லை. நர்ஸம்மா, பத்து வருஷம் கழித்து அந்த ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் கொடுப்பார்களா?

ஓய்வுபெற்ற நர்ஸ், கோவை

எழுதிக் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள். சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, அவர் பெயர், அப்போதைய விலாசம். பழைய கோப்பை அழித்துவிட்டோம் என்று சொல்ல நிறையவே வாய்ப்பு உண்டு. சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பதிவேட்டில் அவர் பெயர் தம்பதியின் பெயரோடு சேர்ந்துதான் இருக்கும், அதைச் சாக்காக வைத்து மறுப்பார்கள். தம்பதியின் விவரம் வேண்டாம், என் உடம்பில் செய்தது மட்டும் வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதிவிடச் சொல்லுங்கள்.