தினமும் எத்தனை தட்டுக்குச் சமைப்பது? ஒரு நாள் மிச்சம், ஒரு நாள் பற்றாக்குறை

புதுவண்டி:
மதியச் சாப்பாட்டு வண்டி தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. அலுவலகங்கள் உள்ள தெருவில் 11:30 முதல் 2:30 வரை நிற்கிறேன். தினமும் 80 தட்டுக்குச் சமைக்கிறேன். திங்கட்கிழமை 55, 60 தான் போகிறது. மீதியைக் கொட்டும்போது வயிறு எரிகிறது. புதன்கிழமையோ 1:15-க்கே தீர்ந்துவிடுகிறது, அப்புறம் வருகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள். எல்லா நாளுக்கும் சராசரி பார்த்தால் 70 வருகிறது. 70 சமைத்தால் போதுமா? இன்னொன்று: அடுத்த தெரு முனையில் கூட்டம் அதிகம். அங்கே மாறலாமா?

நாலுசக்கரம்:
அடுத்த தெருவுக்குத் தள்ளிப் போக வேண்டுமென்றால் முதலில் சக்கரத்தைப் பாருங்கள். சின்னச் சக்கரம் பள்ளத்தில் மாட்டினால் பாத்திரம் சரிந்துவிடும். நான் பெரிய காற்றுச் சக்கரம் போட்ட பிறகுதான் நிம்மதி.

புதுவண்டி:
வண்டி நன்றாகவே உருள்கிறது அண்ணா. அளவும் இடமும்தான் என் கவலை.

மிச்சமில்லை:
சராசரி வேண்டாம், நாளுக்கு நாள் தனிக்கணக்கு வையுங்கள். திங்களுக்கு 60, புதனுக்கு 80. மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டு முதலில் விற்றுவிடலாம்.

அடுப்படி:
தனிக்கணக்கு சரி. மற்ற இரண்டும் தவறு.

முதலில் மிச்சம். மூன்று மணி நேரம் வண்டியில் வெதுவெதுப்பாக இருந்த சாதத்தை மறுநாள் விற்கவே கூடாது. சாதத்தில் வளரும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் சமைத்தாலும் சாவதில்லை. அது விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. வாடையும் வராது என்பதால் மூக்கை நம்ப முடியாது.

அடுத்து, புதனுக்கு 80 என்பது உங்கள் பாத்திரத்தின் அளவு, கேட்டு வந்தவர்களின் அளவு அல்ல. தீர்ந்துபோன நாளில் விற்ற எண்ணிக்கையை விட, எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்பதுதான் முக்கியம். புதுவண்டி, வெள்ளிக்கிழமை தீராது அல்லவா? அன்று 1:15-க்கும் 1:50-க்கும் எத்தனை தட்டு போயிருக்கிறது என்று குறித்துவிட்டு வாருங்கள்.

புதுவண்டி:
குறித்தேன். வெள்ளி மொத்தம் 69. 1:15-க்குள் 46, 1:50-க்குள் 57.

அடுப்படி:
69-ல் 46 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. புதனன்று அதே நேரத்துக்குள் 80 போயிருந்தால் நாள் முழுக்க 120 போயிருக்கலாம். உடனே 120 சமைக்காதீர்கள். தீர்ந்துவிடும் என்று பழகியவர்கள் முன்னாலேயே வந்துவிடுவார்கள், அதனால் இந்தக் கணக்கு கூடுதலாகக் காட்டும். அடுத்த புதன் 95 வையுங்கள்.

கடைசி 25 தட்டுக்கான காய்கறியை நறுக்கி, 5 டிகிரிக்குக் கீழே குளிர்பெட்டியில் வைத்திருங்கள். 12:45-க்குப் பாத்திரத்தில் பாதிக்கும் கீழே இருந்தால் மட்டும் இரண்டாம் அடுப்பை ஏற்றுங்கள். சமைக்காத காய் மறுநாளுக்கு ஆகும், சமைத்தது ஆகாது.

திங்களுக்கு, கடந்த பத்துத் திங்கட்கிழமைகளின் விற்பனையைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். ஒரு தட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கு பொருள் செலவு என்றால், மிஞ்சும் தட்டில் ஒரு பங்கு நட்டம், இல்லை என்று அனுப்பும் ஆளிடம் இரண்டு பங்கு நட்டம். அதனால் நடுவில் நிற்காமல் வரிசையில் ஏழாவது எண்ணை எடுங்கள்.

தெருமுனை:
இடம் மாறும் முன் அனுமதிச் சீட்டைப் படியுங்கள். நான் இருநூறு மீட்டர்தான் தள்ளி நின்றேன், வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். உணவு விற்கும் உரிமம் என்னிடம் இருந்தது, ஆனால் நிற்கும் அனுமதியில் பழைய இடம் எழுதியிருந்தது. மீட்க ஒன்பது நாள் ஆனது.

அடுப்படி:
பல ஊர்களில் இவை இரண்டும் தனித்தனிதான். சீட்டில் இடம், நேரம், உணவு வகை மூன்றையும் பாருங்கள். அதோடு அந்த முனைக் கூட்டத்தை மதியம் போய்க் கால் மணி நேரம் எண்ணுங்கள். எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பதை விட, கையில் சாப்பாட்டுப் பையோடு போகிறவர்கள், நின்று பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர் வாங்க மாட்டார்.

புதுவண்டி:
புதன் முடிந்தது. 95 வைத்தேன், 1:50-க்குத் தீர்ந்தது. வெள்ளிக் கணக்கை வைத்துப் பார்த்தால் 115 வருகிறது, 120 இல்லை. அடுத்த வாரம் 105. திங்களில் ஏழாவது எண் 60, அன்று மூன்று தட்டுதான் மிச்சம். என் சீட்டிலும் தெருப் பெயர் இருக்கிறது, மாற்றக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை இங்கேயேதான். ஆனால் அந்த முனையை இரண்டு நாள் எண்ணினேன்: முதல் நாள் 31 பேர் பையோடு போனார்கள், மறுநாள் 9 பேர். எதை நம்புவது?

தெருமுனை:
இன்னும் நாலு நாள் எண்ணுங்கள். முதல் நாள் அங்கே வேறு ஏதாவது நடந்ததா என்றும் விசாரியுங்கள்.