முற்றழி, எஞ்சுபடி, சாவியழிப்பு: எந்தச் சொல் எந்த வேலைக்கு?

தேன்மொழி:

அனைவருக்கும் வணக்கம். ஒரு பயிற்சித் தளத்தின் கணக்கு அமைப்புத் திரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். அதில் `Remove`, `Delete`, `Erase` என்று மூன்று சரங்கள். முதலாவது பட்டியலிலிருந்து மட்டும் மறைக்கிறது. இரண்டாவது தரவுத்தளத்திலிருந்து எடுக்கிறது. மூன்றாவது, காப்புநகல்களிலும் சர்வர் லாக்குகளிலும்கூட அந்த ஆளின் தடம் இல்லாமல் போன நிலை. பழைய மொழிபெயர்ப்புக் கோப்பில் மூன்றுமே "நீக்கு".

என் முன்மொழிவு: மறை, நீக்கு, முற்றழி. இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. நீக்கிய பிறகும் காப்புநகலில் சில வாரம் கிடக்கும் பிரதியை எப்படிச் சொல்வது? "எச்சப்படி" என்று எழுதிப் பார்த்தேன், காக்கைதான் நினைவுக்கு வருகிறது.

கார்த்திக்:

மூன்று சொல் எதற்குங்க? "அழி" ஒன்றே போதும். `DELETE` போட்டால் அந்த வரிசை போய்விடும். காப்புநகல் எப்படியும் சுழற்சியில் காலாவதியாகிவிடும். லாக்கில் அலைபேசி எண்ணை ஹாஷ் செய்து வைத்துவிட்டால் அதுவும் அழிந்ததற்குச் சமம்தான். பயனருக்கு இவ்வளவு நுணுக்கம் காட்டினால் குழம்புவார்.

இரகுநாதன்:

> காப்புநகல் எப்படியும் சுழற்சியில் காலாவதியாகிவிடும்

ஆகும். என்றைக்கு என்பதுதான் கேள்வி. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தையே எடுத்துக்கொள்வோம். ஞாயிறுதோறும் `pg_basebackup` கட்டளையால் காப்புநகல், ஒவ்வொரு நகலும் 35 நாள் இருக்கும் என்று வையுங்கள். ஒருவர் 2026 மார்ச் 3, செவ்வாயன்று கணக்கை நீக்குகிறார். மார்ச் 1-இல் எடுத்த நகலில் அவர் முழுசாக இருக்கிறார். அது ஏப்ரல் 5-இல்தான் போகும்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. `DELETE` அந்த வரிசையைச் செத்ததாகக் குறிக்கிறதே தவிர, கோப்பிலிருந்து எடுப்பதில்லை. எடுக்க `VACUUM` ஓட வேண்டும். தானாக ஓடும் வேக்யூமின் இயல்பு வரம்பு 50 வரிசையோடு அட்டவணையின் 20 விழுக்காடு. ஒரு லட்சம் பயனர் உள்ள அட்டவணையில் 20,050 செத்த வரிசை சேர்ந்தால்தான் அது அசையும். ஆகவே மார்ச் 8 நகலிலும் அவருடைய பைட்டுகள் இருக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் `pg_basebackup` கோப்புகளை அப்படியே படியெடுக்கிறது. `SELECT`-க்குச் சிக்காது, கோப்பை நேரடியாகத் துருவினால் சிக்கும். `VACUUM` ஓடினாலும் அது இடத்தை விடுவிக்கிறது, பைட்டுகளைச் சுழியமாக்குவதில்லை. "35 நாளில் எல்லாம் போய்விடும்" என்று திரையில் எழுதினால் அந்த வாக்கியம் பொய்யாகலாம்.

ஹாஷ் பற்றி: இந்திய அலைபேசி எண் 6 முதல் 9 வரை ஓர் இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தமே 400 கோடிச் சாத்தியங்கள். இன்றைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று உப்பில்லாத `SHA-256` ஹாஷ்களை நொடிக்கு நூறு கோடிக்கு மேல் போடும். சில நொடியில் எண் கைக்கு வந்துவிடும். இதற்கு "அழித்தல்" என்ற சொல்லைக் கொடுக்கவே கூடாது, "மறைபெயர்" என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கிடக்கும் பிரதிக்கு "எஞ்சுபடி". வினைத்தொகை, காக்கை வராது.

முருகானந்தம்:

எனக்கும் இதே தலைவலிதான் சார். எங்கள் பில்லிங் மென்பொருளில் ஒரு வாடிக்கையாளர் "என் பெயரையே எடுத்துவிடு" என்கிறார். முற்றழி பொத்தானை வைத்தால் அவருடைய பழைய பில்களும் போய்விடாதா? ஆடிட்டர் விடமாட்டார். இதற்கு என்ன கட்டளை?

இரகுநாதன்:

நீங்கள் கேட்பது வேறு கேள்வி. ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டமே சொல்கிறது. பில் இருக்கட்டும். பிறந்தநாள், விளம்பரக் குறுஞ்செய்திப் பட்டியல், வாங்கும் பழக்கத்தைக் காட்டும் அறிக்கை இவற்றை எடுத்துவிடலாம். சொல் விஷயத்துக்கு வந்தால், பில் சட்டப்படி "வைத்திருப்பது". அதை எஞ்சுபடியோடு சேர்க்காதீர்கள். எஞ்சுபடிக்குத் தானாகக் கழியும் தேதி உண்டு, வேறு பயன் இல்லை.

சிவகௌரி:

எஞ்சுபடி நல்லாயிருக்கு. காப்புநகலுக்குள் போய் ஓராளை மட்டும் பிடுங்க ஏலாது என்பதால் சிலர் வேறு வழி செய்கிறார்கள். ஒவ்வொரு பயனருக்கும் தனிச் சாவி போட்டு மறையாக்கி வைக்கிறது. கணக்கை நீக்கும்போது சாவியை அழித்தால், எந்த நகலில் இருந்தாலும் அந்தத் தரவு வாசிக்க முடியாத குப்பை. இதற்கு "சாவியழிப்பு" என்று போடலாமா? எங்கட பக்கம் சாவியைத் "திறப்பு" எண்டுதான் சொல்லுவம். ஆனால் "திறப்பழிப்பு" எண்டால் திறப்புவிழாவைக் குழப்பினமோ எண்டு கேட்பினம்.

இரகுநாதன்:

தஞ்சாவூர்ப் பக்கம் மணி பிடிக்காத நெல்லும் சாவிதான். இருந்தாலும் சாவியழிப்பே தெளிவு. ஒரு பொறியை மட்டும் குறித்துவைப்போம். சாவி அட்டவணையும் அதே தரவுத்தளத்தில் இருந்தால், மார்ச் 1 நகலில் பூட்டும் சாவியும் சேர்ந்தே கிடக்கும். எதையும் அழித்ததாகாது. சாவிகள் தனிக் கிடங்கில், மிகக் குறுகிய காப்புக்காலத்தோடு இருக்க வேண்டும். அமேசானின் `KMS`-இல் வைத்தாலும் உடனே அழியாது, குறைந்தது 7 நாள் காத்திருப்பு உண்டு. தேடலுக்காக மறையாக்காமல் விட்ட மின்னஞ்சல் நிரலை எந்தச் சாவியழிப்பும் தொடாது.

கார்த்திக்:

ஹாஷ் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய காப்புநகலை மீட்டெடுத்தால் நீக்கியவர் திரும்ப வந்துவிடுவாரே? அதற்கும் சொல் வைத்திருக்கிறீர்களா?

இரகுநாதன்:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். மார்ச் 2-இல் செய்த ஒரு தவறான மாற்றத்தால் தரவு கெட்டது மார்ச் 20-இல்தான் தெரிந்து, மார்ச் 1 நகலுக்கு மீட்கிறார்கள் என்று வையுங்கள். 3-ஆம் தேதி போனவர் உயிரோடு வந்து நிற்பார், மறுநாள் காலை அவருக்கு "பாடம் காத்திருக்கிறது" என்று அஞ்சலும் போகும். பெரும்பாலும் அந்த அஞ்சலைப் பார்த்து அவர் திட்டி எழுதும்போதுதான் குட்டு வெளிப்படும்.

தீர்வு ஒரு நீக்கப் பட்டியல். பயனர் எண், தேதி இரண்டு மட்டும், பெயரோ அஞ்சலோ வேண்டாம். அது தரவுத்தளத்துக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே வைத்தால் மீட்கும்போது பட்டியலும் மார்ச் 1-க்குப் போய்விடும். மீட்டவுடன், தளத்தைத் திறப்பதற்கு முன்னால், பட்டியலை `erased_ids` என்ற அட்டவணையில் ஏற்றிவிட்டு:

```
DELETE FROM users
 WHERE id IN (SELECT id FROM erased_ids);
VACUUM users;
```

கடைசி எஞ்சுபடி கழிந்ததும் பட்டியலின் அந்த வரியையும் எடுத்துவிடலாம். இந்த வேலைக்கு "மறுநீக்கம்" என்றே சொல்லலாம், புதுச்சொல் தேவையில்லை.

தேன்மொழி:

நன்றி. இப்போதைக்குத் திரைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

"உங்கள் கணக்கு இப்போது நீக்கப்பட்டது. காப்புநகல்களில் உள்ள எஞ்சுபடிகள் ஏப்ரல் 12-க்குள் முற்றழியும். அதுவரை அவற்றை வேறெதற்கும் பயன்படுத்த மாட்டோம்."

மார்ச் 8 நகலையும் கணக்கில் சேர்த்ததால் 12; மார்ச் 15 நகலுக்கு முன் அட்டவணையைப் புதுக் கோப்பாக எழுதினால்தான் இந்தத் தேதியும் மெய்யாகும். நீக்கியதும் அன்றிரவே `VACUUM FULL` ஓட்டி அட்டவணையைப் புதுக் கோப்பாக எழுதினால் ஏப்ரல் 5 என்றே போடலாமா என்று உருவாக்குநர்களிடம் கேட்டிருக்கிறேன். அது ஓடும்வரை அட்டவணை பூட்டிக் கிடக்கும் என்று தயங்குகிறார்கள்.

`Export`-க்கு "ஏற்றுமதி" வேண்டாம், வெங்காயம் அனுப்புவது போல இருக்கிறது. "என் தரவை எடுத்துச்செல்" என்று போட்டிருக்கிறேன். அங்கே உருவாகும் ஜிப் கோப்பும் சர்வரில் ஒரு பிரதிதானே? அதன் இணைப்பு 7 நாளில் செத்தாலும் கோப்பு கிடப்பதைக் கண்டு, கோப்பையும் சேர்த்து அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

லாக் மட்டும் நிற்கிறது. "பதிவு" என்றால் வலைப்பதிவு, பத்திரப்பதிவு எல்லாம் வந்து நிற்கும்.

சிவகௌரி:

"பதிகை"?

கார்த்திக்:

"பதிகை" யாருக்குப் புரியும்? லாக் என்றே விடுங்கள்.