ஆடி நடுவில் காலியாகும் வீடு: 8 மாத ஒப்பந்தம் சரிவருமா?

வணக்கம். மடிப்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு இரண்டு படுக்கையறை வீடு இருக்கிறது, வாடகை 18,000. இப்போது இருப்பவர்கள் பெங்களூருக்கு மாற்றலாகி ஜூலை 31 காலி செய்கிறார்கள். அது சரியாக ஆடி நடுவில் விழுகிறது. பள்ளிகள் ஜூனிலேயே திறந்துவிட்டன. பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் ஏப்ரல், மே மாதங்களிலேயே வீடு பிடித்து முடித்துவிடுவார்கள். மீதி இருப்பவர்களிலும் நிறைய பேர் ஆடியில் பால் காய்ச்ச மாட்டார்கள்.

அதனால் ஆகஸ்டில் பெயிண்ட் அடித்துவிட்டு, ஆவணி பிறந்ததும் செப்டம்பர் 1 குடியேறுபவர்களுக்கு விளம்பரம் போடலாம் என்று நினைக்கிறேன். ஐடி வேலைக்குப் புதிதாக வருபவர்கள், குழந்தை இல்லாத தம்பதிகள் அப்போது கிடைக்கலாம்.

என் கேள்வி ஒப்பந்தக் காலம் பற்றியது. வழக்கமான 11 மாதம் போட்டால் அடுத்த ஜூலை 31-இல் முடிந்து மறுபடியும் ஆடியிலேயே மாட்டிக்கொள்வேன். அதற்குப் பதில் முதல் ஒப்பந்தத்தை 8 மாதமாகப் போட்டால் ஏப்ரல் 30-இல் முடியும், பள்ளி சீசனில் வீடு கையில் இருக்கும். இதற்காக மாதம் 1,000 குறைத்தாலும் மொத்தம் 8,000 தான் போகும். ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 18,000 நஷ்டம்.

இப்படி 8 மாதத்துக்குப் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? குடியிருப்பவர்கள் ஒத்துக்கொண்டார்களா? ஏப்ரலில் அவர்களே தொடர விரும்பினால் புதுப்பிப்பதை எப்படி எழுதினீர்கள்? விளம்பரத்தை ஆடியிலேயே போடலாமா, ஆவணி வரை பொறுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.