எஃப்சிஎஃப்எஸ்: முதல் சுற்று முடிந்த பிறகும் சின்ன வேலைகள் ஏன் பெரியதன் பின்னாலேயே நிற்கின்றன?

கேள்வி

முதலில் வந்த வேலைக்கு முதலில் சிபியு தரும் எஃப்சிஎஃப்எஸ் முறையில் ஷெட்யூலர் சிமுலேட்டர் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். P1 ஒவ்வொரு முறையும் 100 மில்லிசெகண்ட் சிபியு கேட்கும். P2, P3, P4 மூன்றுக்கும் 2 போதும். சிபியு முடிந்ததும் நான்குமே 10 மில்லிசெகண்ட் ஐ/ஓவுக்குப் போய்த் திரும்பும். ஐ/ஓ சாதனம் தனித்தனி, அங்கே வரிசை இல்லை. P1 முதலில் வந்ததால் முதல் சுற்றில் மற்றவை காத்திருப்பது புரிகிறது. அப்புறமும் ஏன் அப்படியே தொடர்கிறது? கோடில் பிழையா?

```
P1 0-100    P2 100-102  P3 102-104  P4 104-106
idle 106-110
P1 110-210  P2 210-212 ...
```

பதில் 1

கோடு சரிதான், ஒரு பெரிய வேலையின் பின்னால் சின்னவை தேங்கி நிற்கும் இதுதான் கான்வாய் எஃபெக்ட். எஸ்ஜேஎஃப்புக்கு, அதாவது வரிசையில் இருப்பதில் மிகக் குறுகியதை எடுக்கும் முறைக்கு, மாற்றுங்கள். சின்னது முதலில் ஓடிவிடும், பிரச்சினை தீர்ந்தது.

பதில் 2

நோய் அதுதான், மருந்து பாதிதான் சரி. 110-ஆவது மில்லிசெகண்டைப் பாருங்கள். P1 ஐ/ஓ முடித்துத் திரும்புகிறது. P2 திரும்புவது 112-இல், P3 114-இல், P4 116-இல். ஆக, அந்த நொடியில் வரிசையில் P1 மட்டும்தான் இருக்கிறது. எஸ்ஜேஎஃப் என்றாலும் அதைத்தான் எடுக்கும். எடுத்தபின் இடையில் நிறுத்தாது என்றால், P2 112 முதல் 210 வரை, 98 மில்லிசெகண்ட் நிற்கும். மற்ற இரண்டுக்கும் அதே 98. தொடக்கத்தில் மட்டும்தான் காத்திருப்பு குறையும்.

பெரிய வேலை சிபியுவை விடும்போது சின்னவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடி ஐ/ஓவுக்குப் போகின்றன. அவை திரும்புவதற்குள் பெரியது முந்திக்கொள்கிறது. கூட்டம் தன்னைத்தானே மறுபடி கட்டிக்கொள்கிறது. இழப்பு இரண்டு பக்கமும்: 110 மில்லிசெகண்ட் சுற்றில் ஐ/ஓ சாதனங்கள் எல்லாமே 94 சும்மா கிடக்கின்றன, சிபியுவும் 4 சும்மா இருக்கிறது.

ஓடும் வேலையை இடையில் நிறுத்தும் வழி வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் முறைவைத்து ஒரு சிறு துண்டு நேரம் தரும் ரவுண்ட் ராபினை 4 மில்லிசெகண்ட் துண்டுடன் வைத்தால், ஒரு சின்ன வேலைக்கு முன்னால் மோசமான நிலையில் P1-இன் ஒரு துண்டும் வேறு இரண்டு சின்னவையும் இருக்கும். அதாவது 8-க்கு மேல் போகாது, ஸ்விட்ச் செலவு தனி. P1 முடியத் தாமதமாகும்.

பதில் 3

எங்கள் பின்னணி வேலை வரிசையிலும் இதே கதை. ஒரே வொர்க்கர், மாதாந்திர ரிப்போர்ட் ஓடும்போது கடவுச்சொல் மின்னஞ்சல்கள் தேங்கிவிடுகின்றன. அங்கே பாதியில் நிறுத்த முடியாதே? இரண்டாவது வொர்க்கர் போட்டால் போதுமா?

பதில் 2

இரண்டு ரிப்போர்ட் ஒன்றாக வரும் வரை போதும். ரிப்போர்ட்டைச் சிறு பகுதிகளாக உடைத்து, ஒரு பகுதி முடிந்ததும் மீதியை வரிசையின் கடைசியில் சேருங்கள். அல்லது நீண்ட வேலைகளுக்குத் தனி வரிசையும் தனி வொர்க்கரும் வையுங்கள்.

பதில் 3

உடைத்தால் இடையில் தரவு மாறி, கூட்டுத்தொகை பொருந்தாமல் போகுமே. தனி வரிசை வைத்துப் பார்க்கிறேன்.

கேள்வி கேட்டவர்

எஸ்ஜேஎஃப் போட்டேன், இரண்டாம் சுற்றில் 94, மூன்றாம் சுற்றிலிருந்து அதே 98 வருகிறது. ரவுண்ட் ராபினில் 8-ஐத் தாண்டவில்லை. துண்டை 150 ஆக்கினால் மறுபடி 98.

பதில் 2

ஆம், 100-ஐத் தாண்டிய துண்டு P1-ஐ ஒருபோதும் நிறுத்தாது, எஃப்சிஎஃப்எஸ்ஸேதான்.