சனிக்கிழமை ராத்திரி: உள்ளே காலி டேபிள், வெளியே காத்திருக்கும் கூட்டம். உங்கள் அனுபவம் என்ன?

மீனா (இந்திராநகர், பெங்களூரு)
நானும் என் கணவரும் இந்திராநகரில் செட்டிநாடு ஹோட்டல் நடத்துகிறோம். இரண்டு பேர் டேபிள் 8, நான்கு பேர் டேபிள் 5, ஆறு பேர் டேபிள் 1. வார நாட்களில் சிக்கல் இல்லை. சனிக்கிழமை ராத்திரி புக்கிங் மட்டும் பத்து வரும், அதில் பெரும்பாலும் எல்லாரும் கேட்பது 8 மணி. ஏழு மணிக்கே அந்த டேபிள்களில் ‘ரிசர்வ்டு’ பலகை ஏறிவிடும். வெளியே குழந்தையோடு நிற்பவர்கள் கண்ணாடி வழியாகக் காலி டேபிளைப் பார்த்துவிட்டு, “அதான் காலியா இருக்கே?” என்கிறார்கள். பத்தில் இரண்டு பேர் வருவதே இல்லை, போனும் எடுப்பதில்லை. இதே நிலைமையில் இருந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

ராகவ்
விமானக் கம்பெனிகள் செய்வதையே செய்யுங்கள். பத்தில் இரண்டு பேர் வரமாட்டார்கள் என்று தெரிகிறதே, பன்னிரண்டு புக்கிங் எடுங்கள். கணக்கு சரியாகிவிடும். அப்புறம் எல்லாரிடமும் தலைக்கு 200 ரூபாய் முன்பணம். பணம் போட்டவன் வராமல் இருக்கமாட்டான்.

செல்வம் (கோரமங்களா, ஃப்ளோர் மேனேஜர்)
ராகவ் சார், அது நூற்றுக்கணக்கான சீட் இருக்கும் இடத்தில் ஓடும். இங்கே டேபிள் 14. ஐந்தில் ஒருவர் வரமாட்டார் என்பது சராசரிதான். பத்து டேபிளுக்குப் பன்னிரண்டு புக்கிங் எடுத்தால், பதினொன்றோ பன்னிரண்டோ வந்து நிற்பது ஏறக்குறைய நான்கு சனிக்கிழமைக்கு ஒரு முறை நடக்கும். புக் செய்துவிட்டு வந்தவரை வாசலில் நிற்க வைப்பதைவிடக் கெட்ட பெயர் எதுவும் இல்லை. மழை பெய்தால் இன்னொரு விதம், ஒரே நேரத்தில் ஐந்து பேர் வராமல் போவார்கள்.

மீனா மேடம், உங்களுக்கு வெளியே ஆள் காத்திருக்கிறார்கள். அப்படியென்றால் வராதவரால் டேபிள் ராத்திரி முழுக்க வீணாவதில்லை. அவருக்காகப் பிடித்து வைத்திருக்கும் நேரம் மட்டுமே வீண். அந்த நேரத்தைக் குறைத்தால் போதும், கூடுதல் புக்கிங் தேவையே இல்லை.

எங்கள் இடத்தில் முதலில் பலகையை எடுத்தோம். புக்கிங் நோட்டில் டேபிள் நம்பர் எழுதுவதில்லை. நேரமும் ஆள் எண்ணிக்கையும் மட்டும்தான். 8.30க்கு நான்கு பேர் என்றால், 8.30ஐ ஒட்டி ஏதாவது ஒரு நான்கு பேர் டேபிள் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 7.10க்கு வரும் இரண்டு பேரை உடனே உட்கார வைத்துவிடுவோம். “சார், 8.20க்கு இந்த டேபிள் வேண்டியிருக்கும், பரவாயில்லையா?” என்று உட்காரும் முன்பே கேட்டுவிட வேண்டும். முன்னாலேயே சொன்னால் பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். பாதிச் சாப்பாட்டில் போய்ச் சொன்னால் சண்டைதான்.

இரண்டாவது, 8 மணிக்கு எல்லாரையும் எடுக்காதீர்கள். கால் மணி நேரத்துக்கு இரண்டு புக்கிங்குக்கு மேல் வேண்டாம். 8 நிரம்பிவிட்டால் “7.45 அல்லது 8.30 தரட்டுமா?” என்று கேளுங்கள். கல்யாணப் பந்தி போல எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தால் எல்லா ஆர்டர் சீட்டும் ஒரே நேரத்தில் கிச்சனுக்குப் போகும். தோசைக்கல்லும் தவாவும் அங்கேயே திணறும். முதல் தட்டு வரவே அரை மணி நேரம், அதனால் டேபிள் விடுபடுவதும் அரை மணி தள்ளிப்போகும். வெளியே இருக்கும் காத்திருப்பில் பாதி கிச்சனில் உண்டாவது.

மணி (மாதுங்கா, மும்பை)
எங்கள் பக்கம் புக்கிங்கே கிடையாது தம்பி. வாசலில் ஒருவர் நோட்டோடு நிற்பார், பெயரும் எத்தனை பேர் என்பதும் எழுதிக்கொள்வார். நான்கு பேர் டேபிளில் இரண்டு பேர் உட்கார்ந்தால் எதிரே முன்பின் தெரியாத இன்னும் இரண்டு பேர் உட்காருவார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. இட்லி, வடை, காப்பி, எழுந்து போய்விடுவார்கள். இவ்வளவு கணக்கு எதற்கு?

செல்வம்
மணி அண்ணா, டிபன் கடைக்கு அதுதான் சரியான முறை. இருபது இருபத்தைந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள், வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். ராத்திரி மட்டன் சுக்காவும் பிரியாணியும் சாப்பிடக் குடும்பமாக வருபவர்கள் பக்கத்தில் தெரியாதவரை ஏற்கமாட்டார்கள். ஆனால் நோட்டு விஷயத்தை மீனா மேடம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சுபா
நான் வாடிக்கையாளர் பக்கம். இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள் ஒரு இடத்தில், அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு இடம் போயிருப்போம். எதை வைத்து நேரம் சொல்கிறீர்கள்?

செல்வம்
நல்ல கேள்வி மேடம். பல இடங்களில் ஆள் போய்விடக் கூடாது என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். கணக்கு இருக்கிறது. பில்லில் உட்கார்ந்த நேரத்தையும், டேபிள் துடைத்த நேரத்தையும் இரண்டு மூன்று வாரம் எழுதுங்கள். இரண்டு பேருக்கு 60 நிமிடம், நான்கு பேருக்கு 85 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீனா மேடத்திடம் நான்கு பேர் டேபிள் 5. 85ஐ ஐந்தால் வகுத்தால், 17 நிமிடத்துக்கு ஒன்று விடுபடும். அதில் இரண்டு புக்கிங்குக்குப் போனால் மீதி மூன்று, அப்போது 28 நிமிடத்துக்கு ஒன்று. முன்னால் ஒரு குடும்பம் நின்றால் அடுத்தவருக்கு 55 நிமிடம்வரை ஆகலாம். அதையே சொல்லுங்கள். 55 சொல்லி 45இல் கூப்பிட்டால் முகம் மலரும், 20 சொல்லி 35 ஆனால் திட்டு.

இரண்டு பேர் டேபிள் 8 என்பதால் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒன்று விடுபடும். அதனால் நோட்டில் இரண்டு பேருக்குத் தனி வரிசை, நான்கு பேருக்குத் தனி வரிசை. ஒரே வரிசை வைத்தால் குடும்பத்துக்குப் பின்னால் ஜோடிகள் வீணாக நிற்பார்கள். ஒரு எச்சரிக்கை: எல்லாரும் 7.30க்கே உட்கார்ந்திருந்தால் இந்த வகுத்தல் பொய்யாகிவிடும். 8.30வரை எதுவும் எழும்பாது, அப்புறம் எல்லாம் ஒன்றாக எழும்பும். அந்த நேரத்தில் யார் எப்போது உட்கார்ந்தார்கள் என்பதைப் பார்த்துத்தான் நேரம் சொல்ல வேண்டும்.

ராகவ்
முன்பணம் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

செல்வம்
அதில் உங்கள் பேச்சில் பாதி சரி சார். ஆறு பேர் டேபிளுக்கு வாங்கலாம். அது காலியானால் அதே அளவு கூட்டம் வாசலில் நிற்கும் என்ற உறுதி இல்லை. ஜோடிக்கு வேண்டாம், பயந்து புக்கே செய்யமாட்டார்கள், அவர்கள் இடத்தை ஒரு நிமிடத்தில் நிரப்பிவிடலாம். மற்றவர்களுக்குச் சாயங்காலம் 4 மணிக்கு வாட்ஸ்அப்: “இன்று 8.30, நான்கு பேர். வருகிறீர்களென்றால் 1, இல்லையென்றால் 2.” திட்டம் மாறியவர்கள் கேன்சல் பண்ண வாய்ப்புக் கிடைத்தால் பண்ணிவிடுவார்கள், போன் செய்து சொல்லத்தான் கூச்சம்.

நேரம் தாண்டிப் பத்து நிமிடத்தில் ஒரு போன். சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன் என்றால் அவரை 9 மணிக்கு மாற்றிவிட்டு டேபிளை வாசலில் நிற்பவருக்குக் கொடுங்கள். பதிலே இல்லையென்றால் பதினைந்தாவது நிமிடம் டேபிள் போய்விடும். புக்கிங் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

மீனா
பலகையை எடுத்துவிட்டோம். 8 மணிக்கு இரண்டு புக்கிங் மட்டும், நோட்டில் இரண்டு வரிசை. போன சனிக்கிழமை 8.15க்குக் கிச்சனில் சத்தமே இல்லை, மாஸ்டரே ஆச்சரியப்பட்டார். நேரம் சொன்னபோது சிலர் போய்விட்டார்கள், ஆனால் கோபமாகப் போகவில்லை.

இன்னும் ஒன்று தீரவில்லை. ஆறு பேர் டேபிளில் தாத்தா பாட்டியோடு வந்த குடும்பம் பில் கொடுத்த பிறகும் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தது. 9.30க்கு முன்பணம் கட்டிய குடும்பம் வாசலில். என் கணவர் போய்ச் சொல்லலாம் என்றார், எனக்கு மனம் வரவில்லை. ஸ்டீவர்டை விட்டு இரண்டு முறை தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வைத்தேன், அவர்களுக்குப் புரியவில்லை.

சுபா
பெரியவர்களை எழுப்பச் சொல்லாதீர்கள் மேடம். அந்தக் கடைக்கு நாங்கள் மறுபடி போகமாட்டோம்.

செல்வம்
நான் எழுப்புவேன். தாத்தாவிடம் இல்லை, பில் கொடுத்தவரிடம் தனியாகப் போய், வெளியே ஒரு குடும்பம் நிற்கிறது என்று சொல்லி, உட்கார வேறு இடம் இருந்தால் அங்கே ஒரு காப்பி தருகிறேன் என்பேன். உங்கள் கடையில் அந்த இன்னொரு இடம் இருக்கிறதா மேடம்? இல்லையென்றால் ஆறு பேர் டேபிளுக்கு ராத்திரிக்கு ஒரே ஒரு புக்கிங், 8 மணிக்கு. இரண்டாவதை எடுக்காதீர்கள்.