உதவி: ஏ.எம். டிடெக்டர் – டோன் சுத்தமா வருது, பேசினா கரகரங்குது (அவசரம்)

தூக்கமில்லா_டிப்ளமா – இரவு 9:12
பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ். ஏ.எம். லேப் புராஜெக்ட். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் கொடுத்தா அழகா வருது. மைக்கில் பேசினா ஸ்பீக்கரில் பேச்சு உடைஞ்சு கரகரன்னு கேட்குது. வால்யூமை எவ்வளவு குறைச்சாலும் அதே கரகரப்புதான். டயோடு, கெபாசிட்டர் எல்லாம் நோட்ஸில் இருக்கிற மாதிரிதான் போட்டிருக்கேன். வியாழக்கிழமை டெமோ. யாராவது உதவுங்க அண்ணா.

பெடோக்_சால்டர் – இரவு 9:20
எந்த நோட்ஸ் தம்பி? அது எங்க கையில் இல்லையே. ரெசிஸ்டர் எவ்வளவு, கெபாசிட்டர் எவ்வளவு, கேரியர் எத்தனை கிலோஹெர்ட்ஸ், எத்தனை வோல்ட்? எதுவுமே சொல்லாம எப்படிச் சொல்றது.

டயோடு_தாசன் – இரவு 9:24
1N4148 தானே போட்டிருக்கே? அதைத் தூக்கிப் போடு. 0.6 வோல்ட் அதுவே தின்னுடும். ஜெர்மானியம் டயோடு போடு, வேலை முடிஞ்சது.

சீனியர்_ஆர்எஃப் – இரவு 9:31
மாடுலேஷன் ஆழம் எவ்வளவுன்னு சொல்லாம ஏ.எம். பத்திக் கேள்வி கேட்கிற தலைமுறை. உப்பு எவ்வளவுன்னு சொல்லாம குழம்பு ஏன் கரிக்குதுன்னு கேட்கிற மாதிரி.

யீஷூன்_அக்கா – இரவு 9:38
எங்க வீட்டு ரேடியோவும் இப்படித்தான். எஃப்.எம். கேட்கும்போது 'ச', 'ஷ' வர்ற இடமெல்லாம் கிழியுது. ஜன்னல் பக்கம் நகர்த்தினா சரியாயிடுது. இதுவும் டயோடுதானா?

தூக்கமில்லா_டிப்ளமா – இரவு 9:55
சாரி அண்ணா. கேரியர் 455 கிலோஹெர்ட்ஸ், ஃபங்ஷன் ஜெனரேட்டரில் இருந்து. டயோடு 1N4148. ரெசிஸ்டர் 100 கிலோஓம், கெபாசிட்டர் 1 நானோஃபாரட். அதுக்கப்புறம் 1 மைக்ரோஃபாரட் வழியா 10 கிலோஓம் வால்யூம் பாட், பிறகு LM386 ஆம்ப்ளிஃபையர். ஆழம்னா ஜெனரேட்டரில் 70 சதவீதம்னு வெச்சிருக்கேன்.

பெடோக்_சால்டர் – இரவு 10:02
ஜெனரேட்டர் திரையில் இருக்கிற எண்ணை நம்பாதே. சிலதில் ஏ.எம். அழுத்தினதும் கேரியர் பாதியாகும். 50 ஓம் லோடுன்னு செட்டிங் இருந்தா, லோடு இல்லாத இடத்தில் இரட்டிப்பாகும். ஸ்கோப்பில் அளந்து சொல்லு: அலை அகலமா இருக்கிற இடத்தில் உச்சிக்கு உச்சி எவ்வளவு, ஒடுங்கின இடத்தில் எவ்வளவு.

இன்னொண்ணு. 1 கிலோஹெர்ட்ஸ் "அழகா வருது"ன்னியே, அதை ஸ்பீக்கரில் கேட்டியா, ஸ்கோப்பில் பார்த்தியா?

தூக்கமில்லா_டிப்ளமா – இரவு 10:10
அகலம் 17 வோல்ட், ஒடுங்கினது 3 வோல்ட். டோன் ஸ்கோப்பில் மட்டும்தான் பார்த்தேன். அப்போ ஆம்ப்ளிஃபையர் மாட்டல.

பெடோக்_சால்டர் – இரவு 10:34
அங்கேதான் விஷயம் இருக்கு. நீ ஒப்பிட்டது டோனையும் பேச்சையும் மட்டுமில்ல, ஆம்ப்ளிஃபையர் இல்லாத சர்க்யூட்டையும் இருக்கிற சர்க்யூட்டையும். இரண்டு கோளாறு ஒண்ணா கலந்திருக்குன்னு நினைக்கிறேன். முதல்ல ஆம்ப்ளிஃபையரைக் கழட்டிவிடு.

கேரியரோட உயரம் உன் குரலுக்கு ஏத்தபடி ஏறி இறங்குது. ஒவ்வொரு 2.2 மைக்ரோவினாடிக்கும் ஒரு கேரியர் உச்சி வருது. அந்த உச்சியில் டயோடு கெபாசிட்டரை நிரப்புது, அடுத்த உச்சி வரும்வரை ரெசிஸ்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமா வடிக்குது. குரல் ஏறும்போது தொல்லை இல்ல, டயோடு தள்ளி ஏத்திடும். இறங்கும்போது டயோடால் எதையும் உறிஞ்சி எடுக்க முடியாது, ரெசிஸ்டர் வடிக்கிற வேகம்தான். குரல் அதைவிட வேகமா இறங்கினா கெபாசிட்டர் பின்தங்கிடும்.

எவ்வளவு வேகம் வேணும்னு கணக்கு. m மாடுலேஷன் ஆழம், f டோனோட அதிர்வெண், RC ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் பெருக்கினது:

```
m  = (17 - 3) / (17 + 3) = 0.7
RC ≤ √(1 - m²) / (2π · f · m)
```

ஆனா டயோடு 0.6 வோல்ட் பிடிச்சுக்கிறதால் 8.5 வோல்ட் உச்சி 7.9 ஆகுது, 1.5 வோல்ட் 0.9 ஆகுது. கெபாசிட்டர் பார்க்கிற ஆழம் 7-ஐ 8.8-ஆல் வகுத்தா கிட்டத்தட்ட 0.8. அதைப் போட்டா 1 கிலோஹெர்ட்ஸுக்கு 119 மைக்ரோவினாடி வரை தாங்கும். உன்னோடது 100, தப்பிச்சே. 3 கிலோஹெர்ட்ஸுக்கு 40 மைக்ரோவினாடிதான் எல்லை. அங்கே மாட்டிக்கிட்டே.

நம்பாதே, பார்த்துக்கோ. ஸ்கோப்பில் ஒரு சேனலில் ஏ.எம். அலை, இன்னொண்ணில் டிடெக்டர் அவுட்புட். இரண்டுக்கும் ஒரே அளவுகோல், பூஜ்யக் கோடும் ஒண்ணா, இரண்டும் டி.சி. கப்ளிங். ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு டோனை 1-லிருந்து 3 கிலோஹெர்ட்ஸுக்கு ஏத்து. ஏறும் பக்கம் ஒட்டிக்கிட்டே போகும். இறங்கும் பக்கம் மட்டும் வளைவை விட்டுட்டு, கூரைச் சரிவு மாதிரி கோணலா ஒரு கோடு விழும், பள்ளத்தைத் தொடாமலே அடுத்த ஏற்றத்தில் போய் முட்டும்.

ரெசிஸ்டரை 33 கிலோஓம் ஆக்கு. 33 மைக்ரோவினாடி. கேரியர் சுற்றைவிட 15 மடங்கு, அதனால் கேரியர் நெளிவும் பெரிசா தெரியாது.

டயோடு_தாசன் – இரவு 10:41
பார்த்தீங்களா, 0.6 வோல்ட் கணக்கில் வந்துடுச்சு. நான்தான் முதல்ல சொன்னேன்.

பெடோக்_சால்டர் – இரவு 10:45
பாதி சரி தாசன். டயோடு மட்டுமே காரணம்னா 1 கிலோஹெர்ட்ஸிலும் அதே கோளாறு தெரிஞ்சிருக்கணும், அதுக்கு அதிர்வெண் பேதம் கிடையாது. கேரியர் அரை வோல்ட்டா இருந்தா உங்க கட்சிதான் நானும்.

சீனியர்_ஆர்எஃப் – இரவு 10:52
ஒரு திருத்தம். மனுசக் குரலில் 3 கிலோஹெர்ட்ஸில் 80 சதவீத ஆழம் வராது. குரலோட பலமெல்லாம் கீழேதான், 1 கிலோஹெர்ட்ஸுக்குள். அந்தச் சூத்திரம் டோனுக்கானது. பேச்சுக்கு இவ்வளவு இறுக்கமா கணக்குப் போடுறது புத்தகப் புழு வேலை.

பெடோக்_சால்டர் – இரவு 10:58
ஒத்துக்கிறேன், மோசமான நிலைக்கான கணக்குத்தான். ஆனா டெமோவில் லெக்சரர் டோனைச் சுழற்றித்தானே பார்ப்பார்.

எக்ஸ்போ_பையன் – இரவு 11:03
எஃப்.எம்.ல செஞ்சா இந்த வம்பே இல்லையே? ஏன் இன்னும் ஏ.எம். சொல்லிக்கொடுக்கிறாங்க, யார் பயன்படுத்துறா?

சீனியர்_ஆர்எஃப் – இரவு 11:07
சாங்கியில் இறங்குற ஒவ்வொரு விமானமும். 118-லிருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரை குரல் எல்லாம் ஏ.எம். இரண்டு விமானி ஒரே நேரத்தில் பேசினா ஏ.எம்.ல இரண்டும் மோதி கீச்சுன்னு கேட்கும், கண்ட்ரோலருக்கு யாரோ இடையில் பேசுறாங்கன்னு தெரியும். எஃப்.எம்.ல பலமானது மட்டும் கேட்கும், பலவீனமானது மறைஞ்சே போயிடும்.

எக்ஸ்போ_பையன் – இரவு 11:12
அதுக்காகவே ஏ.எம். வெச்சிருக்காங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. உலகம் முழுக்க எல்லா விமானத்திலும் ரேடியோ மாத்தணும், அது முடியாததால்தான் அப்படியே கிடக்குன்னு நான் நினைக்கிறேன்.

சீனியர்_ஆர்எஃப் – இரவு 11:15
நினைக்கிறது இலவசம்.

எக்ஸ்போ_பையன் – இரவு 11:16
நீங்க சொல்றதும் இலவசமாத்தான் வருது அண்ணே.

பெடோக்_சால்டர் – இரவு 11:24
இரண்டு பேரும் தனி இழை போடுங்க. ஆனா எஃப்.எம். கேள்விக்கு ஒரு வரி: அதே ஜெனரேட்டரில் எஃப்.எம். அழுத்தி 5 கிலோஹெர்ட்ஸ் விலகல் வெச்சா, தம்பியோட டயோடில் நேர்கோடுதான் வரும். அலையோட உயரம் மாறவே இல்லை, அடர்த்திதான் மாறுது. 455 கிலோஹெர்ட்ஸ் காயில் ஒண்ணை டயோடுக்கு முன்னாடி வெச்சு, அதன் டியூனிங்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிவிட்டா, அதிர்வெண் ஏறும்போது உயரம் கூடும், இறங்கும்போது குறையும். அப்புறம் இதே டிடெக்டர் குரலைக் கொடுக்கும். சரிவு நேரா இருக்கிற தூரம் குறைவு, அதனால் தரம் சுமார்தான். ஒலி 96.8 மாதிரி ஒலிபரப்புக்கு விலகல் இரு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ், அதை இந்தக் காயில் தாங்காது.

யீஷூன் அக்கா, உங்க ரேடியோவில் இந்த டிடெக்டரே இல்லை. இடம் மாத்தினா சரியாகுதுன்னா, எதிர் பிளாக்கில் பட்டுத் திரும்புற அலையும் நேரா வர்ற அலையும் கலந்து வருதுன்னு அர்த்தம். ஏரியலைத் திருப்பிப் பாருங்க.

தூக்கமில்லா_டிப்ளமா – இரவு 11:50
கூரைச் சரிவு அப்படியே தெரிஞ்சது!! 33 போட்டதும் 3 கிலோஹெர்ட்ஸ் சுத்தம். ஆனா ஆம்ப்ளிஃபையர் மாட்டினா 1 கிலோஹெர்ட்ஸே அடிப்பக்கம் தட்டையா வெட்டுப்படுது.

பெடோக்_சால்டர் – நள்ளிரவு 12:15
இது இரண்டாவது கோளாறு. வால்யூம் குறைச்சும் போகலைன்னு முதல்லயே சொன்னே, அதனால் கரகரப்பு வால்யூம் பாட் வர்றதுக்கு முன்னாடியே உருவாகுது.

உன் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் சராசரி டி.சி.யைப் பிடிச்சு வெச்சிருக்கு, சுமார் 4.4 வோல்ட். குரல் பள்ளத்துக்கு இறங்கும்போது, அந்தக் கெபாசிட்டரே 10 கிலோஓம் பாட் வழியா 33 கிலோஓமுக்கு மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்புது. 4.4-ஐ 33-க்கும் 10-க்கும் பங்கு போட்டா, 33-இல் 3.4 வோல்ட் நிக்குது. அவுட்புட் அதுக்குக் கீழே இறங்காது, நீ இறங்கணும்னு நினைக்கிறது 0.9 வரைக்கும். தட்டையா வெட்டுப்படுறது அதுதான். ஆழத்தை 15 சதவீதமாக் குறைச்சுப் பாரு, வெட்டு மறைஞ்சா இதேதான்.

சரி பண்ண மூணு பொருள் போதும். டிடெக்டர் ரெசிஸ்டரை 10 கிலோஓம் ஆக்கு, கெபாசிட்டரை 3.3 நானோஃபாரட் ஆக்கு. பெருக்கினா அதே 33 மைக்ரோவினாடி. கப்ளிங் கெபாசிட்டருக்கும் பாட்டுக்கும் நடுவில் 100 கிலோஓம் தொடரா போடு. இப்போ தரை மட்டம் 4.4-ஐ 10-க்கும் 110-க்கும் பங்கு போட்டது, 0.37 வோல்ட். 0.9-க்குக் கீழே இருக்கு, வெட்டாது. ஒலி குறையும், குறையட்டும். உன் டிடெக்டரில் இருந்து 3.5 வோல்ட் உச்சி வருது. LM386 இன்புட்டுக்கு எல்லை 0.4 வோல்ட். அதையும் அந்த 100 கிலோஓமே காப்பாத்தும்.

டயோடு_தாசன் – காலை 7:05
ஜெர்மானியம் போட்டிருந்தா ஆழம் 0.7-க்குப் பக்கத்திலேயே நின்னிருக்கும். சும்மா சொல்றேன்.

தூக்கமில்லா_டிப்ளமா – புதன் மாலை 6:40
15 சதவீதத்தில் வெட்டு போச்சு. சிம் லிம் டவர்ல 3.3 நானோ வாங்கிப் போட்டேன், பேச்சு சுத்தமா கேட்குது. மைக்குக்கு ரொம்பக் கிட்டப் பேசினா மட்டும் இன்னும் உடையுது. ரிப்போர்ட் எழுதணும், நன்றி அண்ணா.

பெடோக்_சால்டர் – புதன் இரவு 8:15
கிட்டப் பேசும்போது ஜெனரேட்டர் அவுட்புட்டை ஸ்கோப்பில் பாரு. ஒடுங்குற இடம் பூஜ்யத்தைத் தொட்டு நடுவில் கோடா நிக்குதா? நின்னா 100 சதவீதம் தாண்டிடுச்சு, டிடெக்டரில் என்ன மாத்தினாலும் போகாது. மைக் பக்கம் குறைக்கணும். என்ன தெரியுதுன்னு எழுது.

எக்ஸ்போ_பையன் – வெள்ளி காலை 10:20
டெமோ என்ன ஆச்சு தம்பி?